இருபத்திரண்டு மில்லிமீட்டர் வளர்ந்த பாறை

உச்சிமாகாளிக்கும் எனக்கும் ஒரு நாளைக்கு மூன்று தடவையாவது சண்டை வரும். நான் ஜூனியர் இன்ஜினியர், அவர் தினக்கூலி செயின்மேன். நிலத்தின் உயரத்தை அளக்க லெவல் எடுக்கும்போது நான் கருவிக்குப் பின்னால் நின்று கண்ணை இடுக்குவேன். அவர் எண்பது மீட்டருக்கு அப்பால் கோடு போட்ட நான்கு மீட்டர் உயர அளவுகோலை, அதாவது ஸ்டாஃபை, பிடித்துக்கொண்டு நிற்பார். "கொஞ்சம் வலது பக்கம்" என்று நான் கையைக் காட்டினால், "எந்த வலது, உங்க வலதா என் வலதா?" என்று குளக்கரை முழுக்கக் கேட்கும்படி கத்துவார். வயதில் என்னைவிட ஐந்து வருஷம் மூத்தவர், சுந்தரபாண்டியபுரத்தில் நிலமுள்ள குடும்பத்தின் மூன்றாவது பையன். அண்ணன்மார் இருவரும் போலீசில் சேர்ந்துவிட்டார்கள். இவருக்கு மார்பளவு இரண்டு சென்டிமீட்டர் குறைந்துபோய், எங்களிடம் வந்து சேர்ந்தார்.

எனக்கு வீட்டில் வைத்த பெயர் கிருஷ்ணமூர்த்தி. தென்காசி ஊரே கிச்சா என்றுதான் கூப்பிடும். இருபத்தேழு வயதில், பொறியியல் புத்தகத்தை முழுசாகக் கரைத்துக் குடித்துவிட்டோம் என்ற மிதப்பில் திரிந்த காலம் அது. உச்சிமாகாளியைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் என்னுடைய முட்டாள்தனத்தைச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல வழியில்லை.

தென்காசியிலிருந்து பாவூர்சத்திரம் போகிற சாலையை ஒட்டி செங்கட்டிக்குளம் என்று ஒரு குளம். பாதி மண்மேடிட்டுப் போனது. அதன் ஓரத்தில், இரண்டு லட்சம் லிட்டர் தண்ணீர் பிடிக்கும் மேல்நிலைத் தொட்டி ஒன்றைக் கட்ட எங்கள் துறை முடிவு செய்தது. அங்கே தோண்டிப் பார்த்தால் அடியில் கறுப்புக் களிமண். காலை வைத்தால் கணுக்கால்வரை விழுங்கும். கிழக்குப் பக்கம் ஏழு மீட்டர் ஆழத்துக்கு அந்தக் களிமண் இருந்தது, மேற்கே இரண்டு மீட்டர்தான். அதற்குக் கீழே கெட்டிச் சரளை. குளம் பெருகினால் இடம் மூழ்கும் என்பதால் எண்பதாம் வருஷம் தை மாதத்தில் லாரி லாரியாகச் செம்மண் அடித்து மேடாக்கினோம். கிழக்குப் பள்ளத்தில் நான்கு மீட்டர் மண் விழுந்தது. மேற்கே ஒரு மீட்டர்.

மண்ணைக் கொட்டிய கையோடு, பங்குனியில் பைல் அடிக்க ஆரம்பித்தோம். பைல் என்பது முன்கூட்டியே வார்த்து வைத்த நீளமான கான்கிரீட் கம்பம். இரும்புச் சுத்தியலை உயரத் தூக்கி அதன் தலையில் போட்டுப் போட்டு, செம்மண்ணையும் களிமண்ணையும் துளைத்து, நுனி சரளையில் போய் உட்காரும்வரை அடிக்க வேண்டும். மொத்தம் பதினாறு பைல். நான்கு நான்காகச் சேர்த்து, தலையில் ஒரு பெரிய கான்கிரீட் கட்டை வார்த்தோம். அதைக் கேப் என்போம். நான்கு கேப், அவற்றின் மேல் நான்கு தூண், தூண்களின் மேல் தொட்டி.

சித்திரையில் கிழக்குப் பக்கத்துப் பைல் ஒன்றின் தலையில் மணல் மூட்டைகளை மலைபோல் அடுக்கிச் சோதனை போட்டோம். ஒரு பைலுக்கு முப்பது டன் தாங்கினால் போதும். அறுபது டன் ஏற்றினோம். ஐந்து மில்லிமீட்டர் இறங்கி அப்படியே நின்றுவிட்டது. எக்ஸிக்யூட்டிவ் இன்ஜினியர் தளவாய் சார் தேங்காய் உடைத்து, "இனி இதுமேல மலையவே வைக்கலாம்வே" என்றார். கைதட்டினோம். நான்தான் முதலில் தட்டினேன்.

தொட்டிக்குக் கிழக்கே, மேட்டுக்கு அடியில், ஒரு வரிசையாகப் பதினோரு வீடுகள். ஐந்தாவது வீடு உச்சிமாகாளியுடையது. அவர் மனைவி சொக்கம்மாள் விடியற்காலையில் முக்கால் மைல் நடந்து இரண்டு குடம் தண்ணீர் கொண்டுவருவாள். குற்றாலத்துச் சாரல் இங்கேயும் வரும். முகத்தை நனைக்கும், குடத்தை நிரப்பாது. வேலை நடக்கிற இடத்தைக் கடந்து போகும்போதெல்லாம் அவள் தலையில் குடத்தோடு நின்று, "என்ன சார், எப்பத் தண்ணி விடுவீங்க? கழுத்து தேஞ்சு போச்சு" என்று கேட்பாள். "அடுத்த சாரலுக்குள்ள" என்று நானும் வாய்க்கு வந்ததைச் சொல்லுவேன்.

இப்போது என் முட்டாள்தனத்துக்கு வருகிறேன்.

கேப் எல்லாம் வார்த்து முடிந்த பிறகு, கொட்டின மண் எவ்வளவு அமுங்குகிறது என்று மாதாமாதம் லெவல் எடுத்துக் குறிக்கச் சொல்லி ஐப்பசியில் உத்தரவு வந்தது. லெவல் எடுக்க, அசையாத ஒரு புள்ளி வேண்டும். அதன் உயரத்தை வைத்துத்தான் மற்றவற்றின் உயரத்தைச் சொல்ல முடியும். எங்களுக்கு அந்தப் புள்ளி, குளத்தின் மறுகரையில் கிடந்த பெரும் பாறை. அதில் உளியால் சிலுவைக்குறி வெட்டியிருந்தோம். ஆனால் பாறைக்கும் தொட்டிக்கும் நடுவில் குளத்தின் ஒரு கை நீட்டிக்கொண்டு கிடந்தது. உச்சிமாகாளி ஸ்டாஃபோடு சுற்றிக்கொண்டு போய்வர அரைமணி நேரம் ஆகும். இரண்டு மாதம் பார்த்தேன். மூன்றாம் மாதம், "பைல் சரளையில நிக்குது. அது எங்க அசையப் போகுது?" என்று சொல்லி, கிழக்குப் பக்கத்துக் கேப் ஒன்றின் மேல் சிவப்புப் பெயிண்டால் ஒரு வட்டம் போட்டேன். அன்றிலிருந்து அதுதான் என் அசையாத புள்ளி. உச்சிமாகாளி ஒன்றும் சொல்லவில்லை. "நடக்கிறது மிச்சம்" என்று பீடி பற்றவைத்துக்கொண்டார். பாறையை நானும் மறந்தேன், அவரும் மறந்தார். இதில் அவருக்கு அதிகப்படியான புத்தி இருந்ததாக நான் கதை கட்ட மாட்டேன்.

ஏழு மாதம் ஓடியது. தூண் எழும்பி, தொட்டி முடிந்தது. திறப்பு விழாவை எண்பத்தோராம் வருஷம் ஜூலை பன்னிரண்டாம் தேதி என்று வைத்தார்கள். மேலிடத்துப் பெரிய அதிகாரி குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறார், அப்படியே இதையும் திறந்துவிடலாம் என்று ஏற்பாடு. எங்கள் ஊர்ப் பக்கம் பாதி விழாக்கள் அருவியில் தண்ணீர் விழுவதைப் பொறுத்துத்தான் நடக்கும்.

ஜூலை எட்டாம் தேதி, திறப்புக்கு முன் கடைசி லெவல் புத்தகத்தை ஒழுங்காக முடிக்க வேண்டும் என்று, ரொம்ப நாளைக்குப் பிறகு பாறையிலும் ஸ்டாஃபை வைக்கச் சொன்னேன். உச்சிமாகாளி முணுமுணுத்துக்கொண்டே சுற்றிப் போனார். படித்தேன். கணக்குப் போட்டேன். மறுபடி போட்டேன். பாறை இருபத்திரண்டு மில்லிமீட்டர் உயர்ந்திருந்தது.

"என்னவே, பாறை வளந்திருக்கு!" என்று கத்தினேன். "ஸ்டாஃபச் சாய்ச்சுப் பிடிக்கிறீரு!"

அவருக்கு வந்ததே கோபம். ஸ்டாஃபைத் தோளில் போட்டுக்கொண்டு அரைச் சுற்று சுற்றி வந்து என் முன்னால் நின்றார்.

"சாய்ச்சுப் பிடிச்சா ரீடிங் கூடுமா, குறையுமா?"

"கூடும்."

"பாறையில ரீடிங் கூடினா பாறை இறங்கின மாதிரில்லா தெரியணும்? நீங்க ஏறியிருக்குன்னுல்லா சொல்லுதீங்க. பொறவு எப்படி என் கை மேல பழி போடுதீங்க?"

ஆனாலும் விடவில்லை. "அப்ப கேப்புல வைக்கும்போது சாய்ச்சிருப்பீரு" என்றேன். அவர் ஒரு நூலில் கல்லைக் கட்டி ஸ்டாஃபின் பக்கத்தில் தொங்கவிட்டு, நூல் பிடித்தாற்போல் நிமிர்த்திப் பிடித்தார். கேப்பில் ஒரு தடவை, பாறையில் ஒரு தடவை. மறுபடி கேப்பில். மூன்று தடவை சுற்றினார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மூன்று தடவையும் அதே இருபத்திரண்டு.

பாறை வளராது. அப்படியென்றால் என் சிவப்பு வட்டம் இறங்கியிருக்கிறது.

மற்ற மூன்று கேப்பையும் பாறையை வைத்துப் பார்த்தோம். கிழக்கே இருந்த இன்னொன்று இருபது இறங்கியிருந்தது. மேற்கே இரண்டும் ஐந்து ஐந்து. கிழக்குக்கும் மேற்குக்கும் இடைவெளி ஆறு மீட்டர்தான். உச்சிமாகாளி தொட்டியின் அடித்தளம்வரை ஏணியில் ஏறி, தூண் ஓரமாகத் தூக்குக்குண்டை இறக்கினார். காற்றில் ஆடாமல் இருக்கக் குண்டைத் தண்ணீர் வாளிக்குள் விட்டோம். கட்டி முடித்த அன்று நூலும் தூணும் இம்மி பிசகாமல் நின்றன. இன்று நூல் தூணின் அடியிலிருந்து இரண்டு விரற்கடை கிழக்கே விலகி நின்றது. பதினைந்து மீட்டர் உயரக் கட்டடம், பதினோரு வீடுகள் இருக்கிற பக்கமாகத் தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தது. தொட்டியில் இன்னும் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை.

"ஊத்தினா?" என்று கேட்டார் உச்சிமாகாளி.

"இருநூறு டன்" என்றேன்.

அவர் தன் வீட்டு ஓட்டைப் பார்த்தார்.

மறுநாள் காலை தளவாய் சாரைப் பார்க்கக் குற்றாலத்துக்குப் பஸ் ஏறினேன். அதிகாரியை வரவேற்க அவர் இரண்டு நாள் முன்பே லாட்ஜில் அறை போட்டுவிட்டார். வழியெல்லாம் ஒரே கேள்வி மண்டையைக் குடைந்தது. அறுபது டன் தாங்கின பைல், வெறும் தொட்டியின் பாரத்தில் தன் பங்குக்கு வரும் பன்னிரண்டு டன்னுக்கு எப்படி இறங்கும்?

பதில் பேரருவிக்கு அடியில் கிடைத்தது. லாட்ஜுக்குப் போகிற வழியில் கூட்டத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றேன். பாசியில் ஒருவர் வழுக்கினார். விழப்போனவர் பக்கத்தில் நின்ற ஆளின் இடுப்பைக் கட்டிப் பிடித்தார். அந்த ஆள் பாவம், தன் பாரத்தோடு இவர் பாரத்தையும் சேர்த்துத் தாங்கிக்கொண்டு தள்ளாடினார்.

அப்படியே நின்றுவிட்டேன். களிமண் பைலைக் கட்டிப் பிடித்திருக்கிறது. சோதனை அன்று நாம் மேலிருந்து பைலை அமுக்கினோம். பைல் கீழே போகப் பார்த்தது, சுற்றியிருந்த மண் அதைப் பிடித்து நிறுத்தியது. அந்தப் பிடி நமக்கு உதவி. அதனால் அறுபது டன் தாங்கியது. ஆனால் அதே களிமண்ணின் தலையில் நான்கு மீட்டர் செம்மண்ணைக் கொட்டியிருக்கிறோம். அந்தப் பாரத்தில் களிமண்ணிலிருந்து தண்ணீர் கொஞ்சங்கொஞ்சமாகக் கசிந்து, அது அமுங்கிக்கொண்டே போகிறது. ஒரு நாளில் முடிகிற வேலையில்லை, வருஷக்கணக்காகும். இப்போது கீழே போவது மண், நிற்கப் பார்ப்பது பைல். மண் போகும்போது பிடியை விடாமல் பைலையும் சேர்த்து இழுக்கிறது. தாங்கின கையே இப்போது பாரமாகத் தொங்குகிறது. மனக்கணக்குப் போட்டேன். கிழக்கே ஒரு பைலில் மண் மட்டுமே இருபத்தைந்து டன்னுக்குக் குறையாமல் தொங்கும். மேற்கே களிமண்ணும் குறைவு, கொட்டின மண்ணும் குறைவு, தொங்குகிற பாரமும் குறைவு. அதனால்தான் சாய்வு. கல்லூரியில் எதிர்மறை உராய்வு என்று இதற்கு ஒரு பாடமே இருந்தது. பரீட்சைக்கு வராது என்று நாங்கள் எல்லாரும் சேர்ந்து தள்ளிவிட்ட பாடம்.

தளவாய் சார் லாட்ஜின் பின்கட்டில் கோவணத்தோடு பலகையில் உட்கார்ந்திருந்தார். எண்ணெய் தேய்க்கிற ஆள் அவர் முதுகில் பளார் பளாரென்று அடித்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னது ஒவ்வொரு அடிக்கும் நடுவில்தான் அவர் காதில் விழுந்திருக்கும்.

"மண்ணு அமுங்குனா அமுங்கட்டும்வே. பைலு சரளையில நிக்குது. மண்ணு பாட்டுக்கு இறங்கிட்டுப் போவுது. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"மண்ணு சும்மா இறங்கலை சார். பைலையும் பிடிச்சு இழுக்குது. கிழக்கே இருபத்திரண்டு மில்லி போயிருக்கு. தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தேன், ரெண்டு விரற்கடை சாய்ஞ்சிருக்கு."

"சாரல் காத்துல குண்டு ஆடாதா?"

"வாளித் தண்ணிக்குள்ள விட்டோம் சார்."

"அறுபது டன்னு தாங்குனத என் கண்ணால பாத்தேன்வே. நீயும் கைதட்டுன." கண்ணிலிருந்து எண்ணெயை வழித்துவிட்டு என்னைப் பார்த்தார். "சரி, ஏழு மாசமா உன் புஸ்தகத்துல ஏன் ஒண்ணும் தெரியல?"

அந்தக் கேள்விக்குத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன். கேப்பையே அசையாத புள்ளியாக வைத்தேன் என்று சொன்னேன். எண்ணெய்க்காரரின் கைகூட ஒரு விநாடி நின்றது.

"அப்ப ஏழு மாசத்துப் புஸ்தகமும் தப்பு. அதுல உன் கையெழுத்து இருக்கு." குரலை இறக்கினார். "இத வெளிய சொன்னா முதல்ல போறது நீதான். யோசிச்சுக்க. ஸ்டாஃப் பிடிச்சவன் தினக்கூலி. அவன் சரியாப் பிடிக்கல, அதனால பாறை ரீடிங் தப்புன்னு ஒரு வரி எழுது. எனக்கு ஒரு நகல் அனுப்பு. நாளைக்குத் தண்ணிய ஏத்தி ஒருநாள் நிப்பாட்டிப் பாரு. ஒண்ணும் ஆவாது."

இதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. அன்று மாலை, சைட் கொட்டகையில், லெவல் புத்தகத்தின் ஓரத்தில் மையால் எழுதினேன்: 'செயின்மேன் உச்சிமாகாளி ஸ்டாஃபைக் கவனக்குறைவாகப் பிடித்ததால் பாறை அளவு பிழை.' கீழே கையெழுத்து. நகலை மடித்து ஆபீசுக்கு அனுப்பினேன். தினக்கூலிக்காரர்களை நிரந்தரமாக்கும் பட்டியல் அந்த மாதம்தான் தயாராகிக்கொண்டிருந்தது. அதில் அவர் பெயர் இருப்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன். உச்சிமாகாளி வழக்கம்போல் புத்தகத்தையும் கருவிப் பெட்டியையும் எடுத்துப் பூட்டி வைக்கக் கொண்டுபோனார். அவர் முதுகைக்கூட நான் பார்க்கவில்லை.

ஆனால் மனசு கேட்கவில்லை. பத்தாம் தேதி காலை ஏழு மணிக்குப் பம்பைப் போடுவதற்கு முன்பே கருவியைக் குளக்கரை வளைவில் நிறுத்தினேன். அங்கிருந்து பாறையும் தெரியும், கிழக்குக் கேப்பும் தெரியும். உச்சிமாகாளி ஸ்டாஃபோடு வந்து நின்றார். என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. முதலில் பாறைக்குப் போனார்.

பம்பு ஓட ஆரம்பித்தது. குழாய்க்குள் தண்ணீர் ஏறுகிற சத்தம் கேட்டதும் பதினோரு வீட்டிலிருந்தும் ஆட்கள் வெளியே வந்தார்கள். சொக்கம்மாள் இரண்டு குடத்தையும் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, மேட்டுக்குக் கீழேயே உட்கார்ந்தாள். பிள்ளைகளை வீட்டுக்குள் அனுப்புங்கள் என்பதா, வீட்டைவிட்டு வெளியே அனுப்புங்கள் என்பதா என்று எனக்குத் தெரியவில்லை. கருவிக்குப் பின்னால் போய்க் கண்ணை இடுக்கிக்கொண்டேன்.

எட்டேகால் மணிக்கு ஐம்பதாயிரம் லிட்டர். கிழக்குக் கேப் மூன்று மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. பாரம் ஏறினால் அந்த அளவு இருக்கும்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உச்சிமாகாளி குளத்தைச் சுற்றி ஓட்டமும் நடையுமாகப் பாறைக்குப் போனார். பாறை அசையவில்லை. திரும்பி வந்து கேப்பில் வைத்தார்.

ஒன்பதரை மணிக்கு ஒரு லட்சம். ஒன்பது மில்லிமீட்டர். முதல் பாதிக்கு மூன்று, அடுத்த பாதிக்கு ஆறு. அதே தண்ணீர்தான், இறக்கம் மட்டும் இரண்டு மடங்கு. பம்பை நிறுத்தச் சொன்னேன். பம்பு நின்றது. இனிப் பாரம் கூடாது. இறக்கமும் நிற்க வேண்டும்.

அரைமணி காத்திருந்தோம். சாரல் தூற ஆரம்பித்தது. கருவியின் கண்ணாடியை வேட்டி முனையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். பன்னிரண்டு. ஒரு சொட்டு ஏறாமலே மூன்று மில்லிமீட்டர் போயிருந்தது. மேற்குக் கேப்பில் வைத்தார். அங்கே மொத்தமே ஒன்று. ஸ்டாஃபை மறுபடி கிழக்குக் கேப்புக்கே கொண்டுவந்தார்.

"வெளிய வாரும்!" என்று கத்தினேன். "தொட்டிக்கு அடியில நிக்காதீரும்!"

"ரீடிங் எடுத்தாச்சா?"

"வாரும்னு சொல்லுதேன்லா!"

"எடுத்தாச்சான்னு கேக்கேன்!"

அவர் அசையவில்லை. கிழக்குத் தூணுக்கு அடியில், ஒரு லட்சம் லிட்டருக்குக் கீழே, நூல் பிடித்தாற்போல் ஸ்டாஃபைப் பிடித்துக்கொண்டு நின்றார். மறுபடி பார்த்தேன். பதிமூன்று.

அந்த நேரத்தில் கல்லூரியில் படித்த எதுவும் எனக்கு ஞாபகம் வரவில்லை. ஓடினேன். வெளியேற்றும் வால்வின் சக்கரத்தைப் பிடித்துத் திருகினேன். புது வால்வு, இறுகிக் கிடந்தது. உச்சிமாகாளி ஸ்டாஃபைக் கீழே சாய்த்து வைத்துவிட்டு வந்து மறுபக்கத்தைப் பிடித்தார். இரண்டு பேரும் சேர்ந்து திருப்பினோம். கைத் தடிமனில் தண்ணீர் பீறிட்டு மேட்டின் சரிவில் கிழக்கே பாய்ந்தது.

மேட்டுக்குக் கீழே நின்ற பெண்கள் கூட்டம் கூச்சலிட்டுக்கொண்டு ஓடிவந்தது. தண்ணீரைப் பிடிக்க. குடம், அண்டா, செம்பு, பால் தூக்கு, எது கைக்குக் கிடைத்ததோ அதில் பிடித்தார்கள். மீதி அவர்கள் காலடியில் சேறாகிக் குளத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. சொக்கம்மாள் இடுப்பில் நிறைகுடத்தோடு மேட்டில் ஏறிவந்து புருஷன் முன்னால் நின்றாள்.

"கண்ணுக்கு முன்னாடி கொண்டாந்து ஊத்திட்டீங்களே, பாவிகளா! இது தேங்க எத்தனை மாசம் காத்துக் கெடந்தோம்!"

"ஏட்டி, போட்டி அங்கன" என்றார் அவர். அதட்டவில்லை. கெஞ்சினார்.

தொட்டி காலியாக இரண்டு மணி நேரம் ஆனது. அதற்குப் பிறகு எடுத்த அளவில் கேப் அதற்கு மேல் இறங்கவில்லை. கொட்டகைக்கு வந்து லெவல் புத்தகத்தைத் திறந்தேன். எங்கள் வேலையில் புத்தகத்தில் எழுதினதை ரப்பரால் அழிக்கக் கூடாது. தப்பென்றால் குறுக்கே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். முந்தின நாள் எழுதின வரியின் குறுக்கே கோடு போட்டேன். 'ஸ்டாஃப் சரியாகப் பிடிக்கப்பட்டது. தவறு என்னுடையது. இறங்கும் கேப்பின் மேலேயே அடையாளப் புள்ளி வைத்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நகலும் அனுப்பினேன். திறப்பு விழா நின்றது. பெரிய அதிகாரி அருவியில் மட்டும் குளித்துவிட்டுப் போனார்.

சென்னையிலிருந்து மண் நிபுணர் ஒருவர் வந்தார். என் கணக்கைப் பார்த்துத் தலையாட்டினார். "கட்டடம் சட்டென்று விழாது. பைல் இறங்க இறங்க மண்ணின் பிடியும் தளரும். ஆனால் நான்கு பக்கமும் சமமாக இறங்காது. தண்ணீரையும் நிறைத்து வைத்திருந்தால், கிழக்கே எங்கே போய் நிற்கும் என்று என்னாலும் சொல்ல முடியாது" என்றார். அவர் சொன்னபடி, கொட்டின மண்ணை முதலில் அள்ளி அகற்றினோம். களிமண் மேலிருந்த பாரம் போனால்தான் அது அமுங்குவது நிற்கும். பிறகு கிழக்கே எட்டுப் பைல் கூடுதலாக அடித்தோம். இந்தத் தடவை பைலின் மேல்பகுதி முழுக்கத் தார் பூசினோம். மண் பிடித்து இழுத்தாலும் வழுக்கிக்கொண்டு போய்விடும். சரளையில் இறங்குகிற நுனிப் பகுதிக்கு மட்டும் தார் பூசவில்லை. அங்கே பிடி வேண்டும். எண்பத்து மூன்றாம் வருஷம் தொட்டியில் தண்ணீர் நின்றது. சொக்கம்மாள் அந்த இரண்டு வருஷமும் முக்கால் மைல் நடந்தாள்.

தளவாய் சாரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. என்னை ராமநாதபுரத்துக்குத் தூக்கிப் போட்டார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆவணியில் வெளிவந்த நிரந்தரப் பட்டியலில் உச்சிமாகாளியின் பெயர் இல்லை. காரணம் கேட்டு எழுதினேன். என் முதல் நகலை அவருடைய கோப்பில் வைத்திருந்தார்கள். இரண்டாவது நகல் தொட்டியின் கோப்புக்குப் போய்விட்டது. மூன்று வருஷம் கடிதம் எழுதி எழுதி, எண்பத்து நான்கில்தான் அவருக்கு உத்தரவு கிடைத்தது. அவருக்குப் பின்னால் சேர்ந்த ஆறு பேர் அதற்குள் அவரைத் தாண்டிப் போயிருந்தார்கள்.

எண்பத்தைந்தில் ஊருக்கு வந்தபோது அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் குழாய் இருந்தது. சொக்கம்மாள் காப்பி கொடுத்துவிட்டு உள்ளே போனாள். நான்கு வருஷமாக நெஞ்சில் வைத்திருந்ததை எப்படியும் சொல்லிவிட வேண்டும் என்று வந்திருந்தேன்.

"உச்சிமாகாளி, உமக்கு ஆர்டர் தள்ளிப்போனதுக்கு நான்தான் காரணம். உமக்குத் தெரிஞ்சிருக்காது. தண்ணி ஏத்துறதுக்கு முந்தின நாள் சாயங்காலம் நான் புத்தகத்துல உம்மைப் பத்தி ஒரு வரி எழுதினேன்."

"கவனக்குறைவா பிடிச்சேன்னு" என்றார்.

"யாரு சொன்னா?" என்றேன்.

"யாரு சொல்லணும்? நான் எட்டாம் கிளாஸ் வரைக்கும் படிச்சிருக்கேன் சார். நீங்க ஒரு நாளும் கேக்கல. அன்னைக்குச் சாயங்காலம் புஸ்தகத்தப் பூட்டப் போகும்போது மை காஞ்சிருக்கான்னு தெறந்து பாத்தேன். படிச்சேன்."

அதைப் படித்துவிட்டுத்தான் மறுநாள் காலை ஏழு மணிக்கு ஸ்டாஃபோடு வந்து நின்றிருக்கிறார். படித்துவிட்டுத்தான் அந்தத் தூணுக்கு அடியிலிருந்து நகர மாட்டேன் என்று நின்றிருக்கிறார்.

"பொறவு ஏன்வே மறுநாள் வந்தீரு?" என்றேன்.

அவருக்குப் பழைய கோபம் வந்துவிட்டது. காப்பி டம்ளரை நங்கென்று தரையில் வைத்தார்.

"உங்க எழுத்துக்காகவா வருவேன்? இங்கன பதினோரு வீட்டுல ஆளு இருக்கு. நான் வரலேன்னா வேற எவனாவது பிடிச்சிருப்பான். அவன் நேரா பிடிப்பானா, சாய்ச்சுப் பிடிப்பானான்னு எனக்கு எப்படித் தெரியும்?"